கடைமடைக் கிராமங்களுக்கு நடமாடும் விழித்திரைப் பரிசோதனை வண்டி: தேவையும் நியாயமும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு, வேதாரண்யம். திருவாரூர் மாவட்டத்தில் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை. இந்த நான்கு ஒன்றியங்களில் 88 கிராமங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அங்குள்ள சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையை ஊருக்கே போய்ப் படம் எடுத்துப் பார்க்க ஒரு வண்டி வாங்கவும், அதை முதல் இரண்டு ஆண்டுகள் ஓட்டவும் நிதி கேட்கிறோம். இவை காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதிகள். ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தாலும் இங்குள்ள வாய்க்காலில் தண்ணீரைப் பார்க்க நாள் பிடிக்கும். கண் மருத்துவம் வந்து சேர்வது அதைவிடத் தாமதம்.

சர்க்கரைக்கு மாத்திரை இல்லை என்பது இங்கே குறையல்ல. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. தன்னார்வலரின் பையில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது, பிரஷர் பார்க்கும் கருவி இருக்கிறது. விழித்திரையைப் பார்க்க ஒன்றும் இல்லை. அந்தப் பையில் அடங்குகிற கருவியும் அல்ல அது. யாருக்குச் சர்க்கரை என்ற பட்டியல் ஏற்கெனவே கிராம அளவில் இருக்கிறது என்பதுதான் எங்களுக்குப் பெரிய வசதி. நாங்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தேட வேண்டியதில்லை. பட்டியலில் இருப்பவர்களின் கண்ணைப் பார்த்தால் போதும்.

ஏன் அவர்களே மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளவில்லை? இந்தக் கேள்வியை நாங்களும் கிராமத்தில் கேட்டோம். கிடைத்த பதில் ஒன்றுதான்: "கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு?" அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் விழித்திரையின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது. குழாய்ச் சுவர் சிறு கொப்புளமாகப் புடைக்கும், கசியும், சில இடங்களில் அடைத்துக்கொள்ளும். ரத்தம் கிடைக்காத பகுதி புதுக் குழாய்களை முளைக்கவைக்கும். அந்தப் புதுக் குழாய்கள் பலமற்றவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், அல்லது சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பிரிக்கும். அந்த நாள் வரைக்கும் பலருக்கு ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குப் பார்வை இருக்கும். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று வருகிறவருக்கு நோய் நேற்று வந்ததல்ல.

தமிழ்நாட்டுக்குக் கண் முகாம் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை சிகிச்சை செய்து, மூன்றாம் நாள் ஊரில் கொண்டுவந்து விடுகிற முறை நாடே பார்த்துக் கற்றுக்கொண்ட ஒன்று. ஆனால் அந்த முறை, பார்வை மங்கியவர் தானாகத் தேடி வருவார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கண்புரைக்கு அது சரி. தாமதமாக வந்தாலும் லென்ஸை மாற்றினால் பார்வை திரும்பிவிடும். சர்க்கரையால் கெட்ட விழித்திரையில் போன பார்வையை முழுதாகத் திருப்ப வழியில்லை. இருப்பதைக் காப்பாற்றத்தான் லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும். புதுக் குழாய் முளைத்த கண்களில் லேசர் செய்தால் கடும் பார்வை இழப்பு பாதியோ அதற்கும் மேலோ குறையும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 1976-லேயே காட்டிவிட்டது. சிகிச்சை கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகிறது. பார்வை நன்றாக இருக்கும்போதே ஆளைக் கண்டுபிடிப்பதுதான் இன்னும் பாக்கி. அதற்கு முகாமை விட்டுவிட்டு, ஆண்டுக்கொரு முறை தவறாமல் எல்லாரையும் படம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு மாற வேண்டும்.

அப்படி மாறினால் பலன் உண்டா என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே சர்க்கரை நோயாளிகள் அனைவரையும் அழைத்து விழித்திரைப் படம் எடுக்கும் தேசியத் திட்டம் வந்தது. 2009-10 ஆண்டுக்கான பார்வையிழப்புச் சான்றுகளை ஆராய்ந்தபோது, வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் என்ற இடத்திலிருந்து இந்த நோய் இறங்கியிருந்தது. குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் முதல் முறை. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். எல்லாப் பெருமையையும் கேமராவுக்குக் கொடுக்க மாட்டோம்.

எங்கள் பகுதியில் எத்தனை பேருக்குப் பயன்படும்? வண்டி வாரம் 4 நாள், ஆண்டுக்கு 44 வாரம், நாளொன்றுக்கு 30 பேர். பெருக்கினால் 5,280 பேர். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆண்டுக்கு இரண்டு வருகை. முதல் முறை வேலைக்குப் போயிருந்தவர்கள் இரண்டாம் முறை சிக்குவார்கள். 2022-ல் வெளிவந்த ஸ்மார்ட் இந்தியா ஆய்வு, 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் 12.5 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பும், 4 விழுக்காட்டினருக்குப் பார்வையைப் பறிக்கும் நிலையில் பாதிப்பும் இருப்பதாகக் கண்டது. அதே விகிதம் இங்கும் இருக்குமானால், பாதிப்புள்ளவர்கள் சுமார் 660 பேர். அவர்களில் உடனே சிகிச்சைக்குப் போக வேண்டியவர்கள் சுமார் 210 பேர். இந்த 210 பேருக்காகத்தான் வண்டி. மற்றவர்களுக்கு "இப்போதைக்கு ஒன்றுமில்லை, அடுத்த வருடமும் வாங்க" என்று சொல்வதும் வேலையில் சேர்த்திதான்.

வண்டியே வேண்டுமா என்று நிதி வழங்கும் குழு கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கேமராவை நிரந்தரமாக வைக்கும் யோசனையைப் பார்த்தோம். செலவு குறைவுதான். ஆனால் கடைசிக் கிராமத்திலிருந்து அங்கே வர ஒரு நாள் கூலி போகும்; பார்வை நன்றாக இருப்பவர் அதை இழக்கத் தயாரில்லை. கையில் பிடிக்கும் கேமராவை இருசக்கர வண்டியில் கொண்டு போகலாம் என்பது அடுத்த யோசனை. அதில் எங்களுக்கு இன்னும் ஆசை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், சொட்டு மருந்து விடாமல் நல்ல படம் வர, கண்மணி தானாக விரிய இருட்டு வேண்டும். ஓட்டு வீட்டுத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் இருட்டு கிடைப்பதில்லை. வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று வேறு. இருட்டறை, நடுங்காத மேசை, குளிர்சாதனம், மின்வெட்டுக்குப் பயப்படாத பேட்டரி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் அது வண்டிதான். படுக்கையில் கிடப்பவர்களுக்காக மட்டும் ஒரு கைக்கேமரா கேட்டிருக்கிறோம்.

வண்டியின் அளவில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். பெரிய பேருந்தாக இருந்தால் புகைப்படத்தில் நன்றாக இருக்கும். நன்கொடையாளர் பெயரையும் பெரிதாக எழுதலாம். ஆனால் இங்கே பாதிச் சாலைகள் ஆற்றங்கரை மேல் போகின்றன. மதகுகள் குறுகல், எதிரே நெல் ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஆகவே வேன் அளவுக்கு மேல் வேண்டாம். கேமரா மேசை சாலை அதிர்ச்சியைத் தாங்கும்படி ரப்பர் அடியில் நிற்கும். இணையம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்காது என்பதால் படங்கள் முதலில் வண்டியிலேயே சேமிக்கப்படும். இரவு ஊர் திரும்பியதும் விழித்திரை மருத்துவருக்கு அனுப்பப்படும். அவர் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல ஒப்பந்தம்.

நேரமும் முக்கியம். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை எல்லாம் காலையில். காலை 10 மணிக்கு முகாம் போட்டால் வீட்டில் இருக்கும் முதியவர்கள் மட்டுமே வருவார்கள். 45 வயதுக்காரர் ஒருவரையும் பார்க்க முடியாது. அதனால் வண்டி மாலை 3 முதல் 7.30 வரை, ரேஷன் கடை அல்லது கோயில் வாசலில் நிற்கும். முதலில் சொட்டு மருந்து இல்லாமலே, ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு படம். படம் தெளிவாக வராதவர்களுக்கு மட்டும் சொட்டு மருந்து. அதற்கு முன் டார்ச் வைத்துக் கண்ணின் முன்னறை ஆழத்தைப் பார்ப்பார்கள், ஏனெனில் குறுகிய முன்னறையில் சொட்டு விட்டால் கண் அழுத்தம் திடீரென ஏறலாம். சொட்டு விட்ட கண் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். அந்தி நேரத்தில் வாய்க்கால் கரையில் தனியாக நடந்தோ சைக்கிளிலோ போகவிடக் கூடாது. தூரத்துத் தெருக்காரர்களை முதலில் பார்த்து அனுப்புவது, துணைக்கு ஒருவரை அழைத்துவரச் சொல்வது என்ற இரண்டையும் கிராம சுகாதார செவிலியரோடு பேசி வைத்திருக்கிறோம். வயதானவர்களில் பலருக்குக் கண்புரை மறைத்துச் சொட்டு விட்டும் படம் வராது. அவர்களை 'படம் சரியில்லை' என்று விட்டுவிடாமல் கண்புரை சிகிச்சைக்கு அனுப்புவோம்.

நவம்பர் தொடங்கி டிசம்பர் நடு வரை வண்டி ஓடாது. வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சாலைகளை நம்ப முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது இந்தப் பகுதியில்தான். பொங்கலுக்கும் வண்டிப் பராமரிப்புக்கும் சேர்த்து இன்னும் இரண்டு வாரம். 44 வாரக் கணக்கு இப்படி வந்தது.

செலவில் வண்டி, உள்கட்டமைப்பு, கேமராக்கள், பேட்டரி எல்லாம் சேர்ந்து ரூ.36.25 லட்சம். ஓட்ட ஆண்டுக்கு ரூ.18.25 லட்சம், ஆளுக்கு ஏறக்குறைய 346 ரூபாய். வண்டியின் ஆயுளை 7 ஆண்டு என்று வைத்து முதலீட்டையும் பகிர்ந்தால் இன்னும் 98 ரூபாய் கூடும். ஓட்டும் செலவில் ரூ.3.5 லட்சம் நோயாளிகளுக்கான பயணப்படி என்று இருப்பதைக் குழு கவனிக்க வேண்டுகிறோம். வேறு தலைப்பில் குறைத்தாலும் இதில் கை வைக்க வேண்டாம். காரணம் எங்கள் சொந்த அனுபவம். முன்பு நடத்திய முகாம்களில் பரிந்துரைச் சீட்டு கொடுத்து அனுப்பியதோடு எங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். பிறகு விசாரித்தபோது பாதிப் பேர்கூடப் போயிருக்கவில்லை. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் போய்வர ஒரு முழு நாள். கூட வர ஒருவர், இருவருக்கும் கூலி நட்டம், அங்கே எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பம். ஒரு அம்மா சீட்டை அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் காட்டினார். அடுத்த முறை நாங்கள் போனபோது அவருக்கு ஒரு கண் போயிருந்தது.

ஆகவே எத்தனை படம் எடுத்தோம் என்பதை எங்கள் வெற்றிக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடனடிச் சிகிச்சை தேவை என்று கண்டறிந்தவர்களில் எத்தனை பேர் 6 வாரத்துக்குள் லேசரோ ஊசியோ பெற்றார்கள் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவோம். முதல் ஆண்டு இலக்கு 70 விழுக்காடு. ஆண்டு முடிவில் அது 50-க்குக் கீழே இருந்தால் இரண்டாம் ஆண்டின் ஓட்டும் செலவை விடுவிக்க வேண்டியதில்லை. அப்போது வண்டியையும் கேமராக்களையும் மாவட்ட சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்கிறோம்.