செக்ரோல் மென்பொருள் ஒரு மாதம் தள்ளிப்போகிறது: காரணமும் இனி நடக்கப்போவதும்

கிளாக்கர் ஐயாவுக்கும் ஆபீசில் உள்ள மற்ற எல்லோருக்கும் வணக்கம்,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் 24ஆம் திகதி உங்கள் கையில் தருவதாகச் சொன்ன செக்ரோல் மென்பொருளை அன்றைக்குத் தர முடியாது. ஜூலை மாதச் சம்பளத்தையும் வழமைபோல புத்தகத்தில்தான் போட வேண்டியிருக்கும். ஆகஸ்ட் 1ஆம் திகதி பெரட்டிலிருந்து முழுதாக மென்பொருளுக்கு மாறலாம். அந்தத் திகதியை யோசித்து, எங்கள் ஆட்களோடு இருந்து கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன், வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

காரணம் இதுதான். எங்களில் சம்பளக் கணக்குப் பகுதியை எழுதுகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. சிகிச்சையில் இருக்கிறார், வீட்டார் கூடவே இருக்கிறார்கள். ஜூலை நடுப்பகுதி வரைக்கும் அவர் வேலைக்கு வரமாட்டார் என்று வைத்துத்தான் நாங்கள் திட்டம் போட்டிருக்கிறோம், அதற்கு முன்னால் வரச் சொல்லி யாரும் கேட்கப்போவதும் இல்லை. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் அவருடைய சொந்த விஷயம், அவர் விரும்பினால் பிறகு அவரே சொல்வார். இந்தப் பந்தியை அனுப்புவதற்கு முன் வீட்டார் மூலமாக அவரிடம் வாசித்துக் காட்டி, இவ்வளவும் சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு அவரைத் தெரியும் என்பதால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். போன மாதம் கீழ் டிவிஷன் மடுவத்தில் மழைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, மூன்று நிறுவையும் முடியும் வரைக்கும் தராசுப் பக்கத்திலேயே நின்றாரே, அவர்தான். அக்கறையில் போன் எடுக்கத் தோன்றும், எனக்கே நாளுக்கு இரண்டு தரம் தோன்றுகிறது. ஆனால் தயவுசெய்து எடுக்க வேண்டாம். நலம் கேட்டு இரண்டு வரி எழுதி எனக்கு அனுப்பினால் வீட்டாரிடம் சேர்த்துவிடுகிறேன். நம்ம பக்கத்துக் கதைதான் தெரியுமே, ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் இருமினால் பொகவந்தலாவைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதற்கு ஒரு பெயரும் வைத்து மருந்தும் சொல்லிவிடுவார்கள். யாராவது கேட்டால் "உடம்பு சரியில்லை, லீவில் இருக்கிறார்" என்றே சொல்லுங்கள், அது போதும், அது உண்மையும்கூட.

சரி, ஒருவர் இல்லாவிட்டால் ஏன் ஒரு மாதம்? நியாயமான கேள்வி. அதில் எங்கள் பக்கம் பிழை இருக்கிறது, அவருடைய உடம்பு மேல் அதைப் போடக்கூடாது. டெப்லெட்டில் கொழுந்து நிறுவை பதிகிற பகுதியும், பேர் போடுகிற பகுதியும், ஈபிஎஃப், ஈடிஎஃப் பட்டியல் எடுக்கிற பகுதியும் முடிந்துவிட்டன, அவற்றை எங்களில் இரண்டு பேர் எழுதினோம். கணக்குப் பகுதியை மட்டும் ஒருவரிடமே விட்டுவிட்டோம். பேர், அரைப் பேர், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை, நோமுக்கு மேல் பறித்த கிலோ, கழிவுகள், எல்லாம் கடைசியில் ஒரே இலக்கமாகச் சம்பளச் சிட்டையில் வந்து விழுகிற இடம் அது. இன்னொருவர் கூட உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. குழுவை நடத்துகிறவன் நான், அது என் தலைமேல்தான்.

நல்ல காலத்துக்கு அவர் குறிப்பு எழுதுகிறவர். சிஆர் கொப்பி ஒன்று நிறைய, பென்சிலில். புதன்கிழமையிலிருந்து அதையும் வைத்துக்கொண்டு அவர் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். நீங்கள் தந்த மே மாதச் செக்ரோலில் 40 பேருடைய கணக்கை அவர் போட்டுப் பார்த்ததில் 37 பேருக்குச் சதம் பிசகாமல் சரியாக வந்தது, 3 பேருக்கு வித்தியாசம். அதில் இரண்டு பேருடையது ஞாயிற்றுக்கிழமை அரைப் பேர் சம்பந்தமானது, அதை அவர் திங்கட்கிழமை பின்னேரமே திருத்தி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். மூன்றாவது ஆளுடைய கணக்குப் பக்கத்தில் கொப்பியில் இப்படி எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறார்: "ஈரக் கழிவு, எந்த இடத்தில் வெட்டுவது? கணக்கப்பிள்ளையிடம் மறுபடி கேள்."

முதலில் எனக்கு விளங்கவில்லை, ஒரு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ஒரு அம்மாவின் ஒரு நாள் நிறுவையை எடுங்கள். காலை 7.6, பகல் 8.4, அந்தி 6.7 கிலோ. மழை நாள், அதனால் நிறுவைக்கு ஒரு கிலோ கழிவு. மீதி 6.6, 7.4, 5.7. ஒவ்வொரு நிறுவையிலும் புள்ளிக்குப் பிறகு வருவதை வெட்டிவிட்டுக் கூட்டினால் 6, 7, 5, மொத்தம் 18. முதலில் கூட்டிவிட்டு வெட்டினால் 19.7, அதாவது 19. உங்கள் நோம் 18. ஒரு வழியில் அந்த அம்மாவுக்கு நோமுக்கு மேல் ஒன்றும் இல்லை, மற்ற வழியில் ஒரு கிலோவுக்குக் காசு உண்டு. வெட்டாமலே விட்டால் 1.7 கிலோவுக்கு உண்டு. புத்தகத்தில் அன்றைக்கு ஒரு கிலோ போட்டிருக்கிறது, மென்பொருள் ஒன்றுமில்லை என்கிறது.

ஒரு கிலோதானே என்று விட்டுவிடலாம். ஆனால் மழைக்காலத்தில் இது ஒரு ஆளுக்கு ஒரு நாளோடு நிற்கிற விஷயம் இல்லை. சம்பள நாளன்று சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலில் நின்று "ஐயா, இது எப்படி வந்தது?" என்று கேட்கும்போது பதில் சொல்லப்போவது நீங்கள், நாங்கள் இல்லை. "கம்ப்யூட்டர் போட்டது" என்பதை ஒரு பதிலாக யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அவசரப்பட்டு 24ஆம் திகதி கொண்டுவந்து வைத்திருந்தால் இதைத்தான் கொண்டுவந்து வைத்திருப்போம்.

அதனால் உங்களிடமிருந்து எனக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று. கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கேட்டு, கழிவை நிறுவைக்கு நிறுவை வெட்டுகிறீர்களா, நாள் முடிவில் மொத்தத்தில் வெட்டுகிறீர்களா, புள்ளிக்குப் பிறகு வருவதை எந்த இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று அடுத்த வெள்ளிக்கிழமை, 26ஆம் திகதிக்குள் எழுத்தில் தாருங்கள். மேல் டிவிஷனில் ஒரு மாதிரி, கீழ் டிவிஷனில் ஒரு மாதிரி என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கேயும் அப்படி இருக்கத்தான் செய்யும்.

இனி நாங்கள் செய்யப்போவது. ஜூலை 1ஆம் திகதியிலிருந்து நிறுவையை டெப்லெட்டிலும் பதியலாம், அந்தப் பகுதி தயார். புத்தகமும் கூடவே ஓடட்டும். இரட்டை வேலை என்று பெருமூச்சு விடுவீர்கள், தெரியும். அதற்குத்தான் ஹட்டனில் இருந்து எங்கள் பிள்ளை ஒருவரைக் கிழமைக்கு மூன்று நாள் அனுப்புகிறோம், பஸ் காசும் படியும் எங்கள் செலவு, அவர் மடுவத்தில் இருந்து பதிவார், உங்கள் ஆள் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டால் போதும். ஜூலை 8ஆம் திகதிக்குள் கணக்குப் பகுதியை முழுதாக விளங்கி எடுத்துவிடுவோம், இந்த முறை இரண்டு பேர். 15ஆம் திகதிக்குள் 40 பேர் மட்டும் இல்லாமல் மே மாதச் செக்ரோலில் உள்ள அத்தனை பேருக்கும் போட்டு, புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த பட்டியலைக் கொண்டுவந்து தருவேன். வித்தியாசம் வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஏன் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். ஜூலைச் சம்பளத்தை நீங்கள் புத்தகத்தில் போடுங்கள், அதையே நாங்கள் மென்பொருளில் போடுகிறோம், இரண்டும் ஒத்தால்தான் ஆகஸ்டில் புத்தகத்தை மூடுவது.

சம்பள நாள் எதுவும் இதனால் தள்ளிப்போகாது. ஜூன் சம்பளம் ஜூலை 10ஆம் திகதிக்குள், ஜூலைச் சம்பளம் ஆகஸ்ட் 10ஆம் திகதிக்குள், வழமைபோலவே. ஈபிஎஃப் பக்கமும் நீங்கள் இப்போது செய்கிற மாதிரியே 8 வீதம் பிடித்து, தோட்டத்தின் 12 வீதத்தையும் சேர்த்து, ஈடிஎஃப் 3 வீதத்தையும் தனியாகப் போட்டு அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிக்கொண்டு போங்கள்.

காசு விஷயம். இரண்டாம் தவணையை 24ஆம் திகதி தர வேண்டாம், 15ஆம் திகதிப் பட்டியலைப் பார்த்துத் திருப்தி என்றால் அப்புறம் தாருங்கள். கூடுதலாக ஓடுகிற ஒரு மாதத்துக்குச் சேர்வர் செலவு எங்களுடையது. ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், ஈபிஎஃப் இலக்கம் எல்லாம் லீவில் இருப்பவரின் மடிக்கணினியில் கிடக்கிறதே என்று நீங்கள் யோசித்தால், அது செவ்வாய்க்கிழமையே எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டது, பூட்டி வைத்திருக்கிறோம்.

பெரட்டில் ஆட்களுக்குச் சொல்ல நோட்டீஸ் ஒன்று வேண்டும் என்று போன முறை கேட்டீர்கள். இதைப் போடலாம்:

"புதிய செக்ரோல் முறை ஜூலை 1ஆம் திகதிக்குப் பதிலாக ஆகஸ்ட் 1ஆம் திகதி தொடங்கும். ஜூலை மாதம் மடுவத்தில் நிறுவை புத்தகத்திலும் டெப்லெட்டிலும் பதியப்படும். சம்பளம் புத்தகக் கணக்கின்படி வழமையான நாளில் கிடைக்கும். நிறுவையில் சந்தேகம் இருந்தால் அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் கேட்கவும்."

நோட்டீசில் காரணம் போடவில்லை, போடவும் வேண்டாம். அவர் அடுத்த மாதம் அந்த மடுவத்துக்குத் திரும்பி வரும்போது ஆளாளுக்கு நின்று துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆகிவிடக்கூடாது.

துரையிடம் இதை நானே நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றால் திங்கட்கிழமை காலை 7.30 பஸ்ஸில் ஏறிவிடுவேன், நோர்வூட் பக்கம் மண்சரிவு ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்பதரைக்குள் ஆபீசில் நிற்பேன். வர வேண்டுமா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் ஒரு வரி போடுங்கள். கொடுத்த சொல்லைக் காப்பாற்ற முடியாததற்கு மன்னிக்கவும். ஈரக் கழிவு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள் ஐயா.

இப்படிக்கு,
செக்ரோல் வேலைக்குப் பொறுப்பானவன்
ஹட்டன், ஜூன் 20, சனிக்கிழமை