ஆண்டுக்கு 277 மூட்டை: ஒரு கண்மாயின் பாஸ்பரஸ் வரவு செலவுக் கணக்கு

மதுரைக்குக் கிழக்கே, ஊர் விரிந்து வந்து வயல்களைத் தொட்ட இடத்தில் இருக்கும் ஒரு கண்மாய்க்காக இந்தக் கணக்கு எழுதப்படுகிறது. ஆயக்கட்டு விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் சேர்ந்து பேசிய கூட்டத்தில், ஆகாயத்தாமரையை அள்ளுவதா, தூர் வாருவதா, சாக்கடைக்குச் சுத்திகரிப்பு நிலையம் கேட்பதா என்று மூன்று கருத்துகள் எழுந்தன. எதற்கு முதலில் பணம் செலவிடலாம் என்பதை எண்களைக் கொண்டு பார்ப்பதே இக்குறிப்பின் நோக்கம்.

கண்மாயின் நிலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரத்துக்கால்வாய் உள்வாயில் சேரும் இடத்தில் நுரை ஒதுங்கிக் கிடக்கிறது; அதைத் தாண்டி ஆகாயத்தாமரை. கலுங்குப் பக்கம் காற்று ஒதுக்கிய பாசி, பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போலக் கல்லில் ஒட்டிக் காய்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் விடியற்காலையில் மடையருகே ஜிலேபிக் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன, ஏனெனில் இரவெல்லாம் பாசி சுவாசித்துத் தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. ஊட்டம் மிகுந்துபோன இந்த நிலையைத்தான் மிகையூட்டம் என்கிறோம்.

பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் வேண்டும் என்று அறிந்த விவசாயி, பாசிக்கு மட்டும் ஏன் மணிச்சத்தாகிய பாஸ்பரஸை மட்டும் கணக்கிட வேண்டும் என்று கேட்கலாம். நீலப்பச்சைப் பாசிகளில் பல, தமக்கு வேண்டிய நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ள வல்லவை. பாஸ்பரஸுக்கு அப்படிக் காற்றில் சேமிப்புக் கிடையாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1973-ஆம் ஆண்டு ஒரு சிறு ஏரியின் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டுப் பார்த்தார்கள். பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பச்சையாக மாறியது. வெளியிலிருந்து வருவதைத் தடுத்துக் கட்டுப்படுத்தக்கூடிய சத்தும் அதுவே.

இதற்கான கணித மாதிரியின் அடிப்படை எளிது. 1960-களின் இறுதியிலிருந்து வோலன்வைடர் என்னும் அறிஞர் வளர்த்தெடுத்த முறை இது. ஆண்டுதோறும் கண்மாய்க்குள் வரும் பாஸ்பரஸ், இரண்டு வழிகளில்தான் தண்ணீரை விட்டு நீங்குகிறது: மறுகால் வழியாகவும் மடை வழியாகவும் நீரோடு வெளியேறுகிறது, அல்லது சேற்றில் படிகிறது. வரவும் செலவும் சமமாகும் நிலையில்,

```
P = L / (qs + v)
```

இதில் P தண்ணீரில் உள்ள மொத்தப் பாஸ்பரஸ், ஒரு கனமீட்டருக்கு இத்தனை கிராம் என்று. L ஒரு சதுரமீட்டர் நீர்ப்பரப்புக்கு ஆண்டுக்கு வரும் பாஸ்பரஸ் கிராமில். qs வெளியேறும் நீரை நீர்ப்பரப்பால் வகுத்தது, ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்று. v படிவு வேகம், அதே அலகில். விடையை 1000 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு மைக்ரோகிராம் கிடைக்கும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. கண்மாயின் பரப்பு 80 ஹெக்டேர், சராசரி ஆழம் 1.5 மீட்டர், கொள்ளளவு 12 இலட்சம் கனமீட்டர். நீர்ப்பிடிப்பு 1000 ஹெக்டேர். ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர், அதில் முப்பது விழுக்காடு ஓடி வருவதாகக் கொண்டால் 25.5 இலட்சம் கனமீட்டர். கண்மாயின் மேலேயே பெய்யும் மழை 6.8 இலட்சம், சாக்கடை நீர் 2.2 இலட்சம். கோடையில் பரப்பு சுருங்குவதையும் கருதினால் ஆவியாவது 10.5 இலட்சம். மீதம் 24 இலட்சம் கனமீட்டர் வெளியேறுகிறது; ஆகவே qs = 24 ÷ 8 = 3. ஆவியாகும் நீர் பாஸ்பரஸை எடுத்துச் செல்வதில்லை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வரத்து நீரை qs என்று போட்டுக் கணக்கிட்டு, கண்மாய் இருப்பதைவிடச் சுத்தமாக இருப்பதாக முடிவுக்கு வருவோர் உண்டு.

அடுத்து பாஸ்பரஸ் வரவு. வரத்துக்கால்வாயில் 6000 பேரின் கழிவுநீர் சேர்கிறது. உணவும் சோப்பும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் என்று கொண்டால் ஆண்டுக்கு 2190 கிலோ. வயல்களிலிருந்தும் தரிசிலிருந்தும் ஹெக்டேருக்கு அரை கிலோ வீதம் 500 கிலோ. தண்ணீரில் இறங்கும் மாடுகளால் 60 கிலோ, தூசியோடும் மழையோடும் 24 கிலோ. மொத்தம் 2774 கிலோ. ஐம்பது கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் சற்றேறக்குறைய 10 கிலோ பாஸ்பரஸ்தான் இருக்கிறது. அப்படியானால் நாம் ஆண்டுக்கு 277 மூட்டை டி.ஏ.பி.யைக் கண்மாயில் அவிழ்த்துக் கொட்டுகிறோம். L = 2774 கிலோ ÷ 8 இலட்சம் சதுரமீட்டர் = 3.47.

படிவு வேகத்தில்தான் சிக்கல். வோலன்வைடர் 10 என்று சொன்னார். பிறகு 16 வரையும் எடுத்தார்கள். 10 என்றால் P = 3.47 ÷ 13, அதாவது லிட்டருக்கு 267 மைக்ரோகிராம். 16 என்றால் 183. நீர் தங்கும் காலத்தின் வர்க்கமூலத்தைக் கொண்ட அவருடைய 1976-ஆம் ஆண்டுச் சூத்திரத்தைப் போட்டால், தங்கு காலம் அரை ஆண்டு என்ற நிலையில் விடை 678-க்குப் போகிறது. ஒரே கண்மாய்க்கு மூன்று விடைகள் வந்தால் சூத்திரத்தின் மேல் கோபம் வரும். ஆனால் இவை பெரும்பாலும் குளிர்நாட்டு ஆழமான ஏரிகளில் பொருத்தப்பட்டவை. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஆடிக் காற்று அடித்தால் படிந்த சேறு மறுபடியும் எழும். எனவே புத்தகத்து எண்ணை அப்படியே எடுக்காமல், நம் தண்ணீரையே கேட்பது நல்லது. தை மாதத்தில் ஐந்து இடங்களில் எடுத்த தண்ணீரில் பாஸ்பரஸின் சராசரி 310. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் v = 8.2, இனி 8 என்று வைத்துக்கொள்கிறேன், மாதிரி 315 என்று சொல்லும். ஒரே மாதத்து அளவீட்டைக் கொண்டு பொருத்தியது என்பதால் இந்த 8-ஐ வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. ஆளுக்கு 1 கிராம் என்பது 1.5 ஆக இருந்தாலே, அதே v-யில் விடை 440 ஆகிவிடும்.

லிட்டருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் மிகையூட்டம், 100-ஐத் தாண்டினால் கடும் மிகையூட்டம் என்பது 1982-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்த வரம்பு. நாம் கடும் வரம்பைப் போல மூன்று மடங்கில் இருக்கிறோம்.

இனி யோசனைகளை ஒவ்வொன்றாக இந்தச் சூத்திரத்தில் இட்டுப் பார்க்கலாம். வயல்களில் உர இழப்பைப் பாதியாகக் குறைத்தால் வரவு 250 கிலோ குறைந்து P 287 ஆகும்; விவசாயிகளை மட்டும் குற்றம் சொல்வதில் பொருளில்லை என்பது இதனால் விளங்கும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையம், துர்நாற்றத்தைத் தரும் கரிமக் கழிவை நன்றாகவே நீக்கும். ஆனால் பாஸ்பரஸுக்கென்று தனி ஏற்பாடு இல்லாவிட்டால் முப்பது விழுக்காடு பிடித்தாலே பெரிது. அப்போது P 241. நிலையம் கட்டியும் பாசி போகவில்லையே என்ற ஏமாற்றம் இங்கேதான் பிறக்கிறது. அதே நிலையத்தில் படிகாரமோ இரும்பு உப்போ இட்டுப் பாஸ்பரஸில் தொண்ணூறு விழுக்காட்டைப் படியவைத்தால் வரவு 803 கிலோவாகக் குறைந்து P 91-க்கு வருகிறது. ஆகவே திட்ட மதிப்பீட்டில் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கும் என்பதே.

சாக்கடையை முழுவதுமாகத் திருப்பிவிட்டால் P 68 ஆகும். சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரி 1963 முதல் 1968 வரை கழிவுநீரைத் திருப்பிவிட்டே தெளிந்தது. ஆனால் அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இங்கே சாக்கடையோடு ஆண்டுக்கு 2.2 இலட்சம் கனமீட்டர் நீரும் போகும். கோடைப் பயிருக்கு அதுதான் ஆதாரம் என்று கடைமடைக்காரர்கள் எதிர்த்தால் அதில் நியாயம் உண்டு. என் எண்ணத்தில், பாஸ்பரஸை நீக்கிவிட்டு நீரை விட்டுவைக்கும் வழியே இந்த ஊருக்குப் பொருந்தும்.

சாக்கடை அறவே நின்றாலும் P 35-க்குக் கீழே வராது என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கு வரவு 300 கிலோவாக இருக்க வேண்டும். வயலும் மாடும் தூசியும் சேர்ந்தே 584 கிலோ தருகின்றன. கண்ணாடி போன்ற தண்ணீரை வாக்களிப்பவரை நம்ப வேண்டாம். 100-க்குக் கீழே என்பது எட்டக்கூடிய இலக்கு. மேலும் 315-லிருந்து 200-க்கு இறங்கும்போது கண்ணுக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அந்த அளவில் பாசிக்கு வெளிச்சமும் நைட்ரஜனும்தான் தட்டுப்பாடு, பாஸ்பரஸ் இன்னும் மிச்சமாகவே இருக்கும்.

ஆகாயத்தாமரையைப் பொறுத்தவரை, ஒரு டன் பச்சைச் செடியில் 200 கிராம் அளவுக்கே பாஸ்பரஸ் உண்டு. நூறு டிராக்டர் நடை, நடைக்கு இரண்டு டன் என்று அள்ளினால் 40 கிலோ. அதையும் ஜே.சி.பி. வைத்து அள்ளிக் கரையின் உட்புறச் சரிவிலேயே குவித்து வைக்கிறோம். முதல் மழைக்கே அழுகிய சாறு கண்மாய்க்குள் திரும்ப இறங்குகிறது. அள்ளுவதானால் கரைக்கு வெளியே கொண்டுபோய் உரமாக்க வேண்டும்.

சேறு வேறு கதை. மாதிரியின்படி வரவில் எழுபத்து மூன்று விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 2000 கிலோ, அடியில் படிகிறது. மிச்சம் 750 கிலோ மறுகாலிலும் மடையிலும் வெளியே போகிறது. மேல் பத்து சென்டிமீட்டர் சேற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், உலர் எடை 64,000 டன், கிலோவுக்கு 1 கிராம் பாஸ்பரஸ் என்ற கணக்கில் 64 டன் இருப்பு. ஆக்சிஜன் வற்றும் காலத்தில் சேறு ஒரு சதுரமீட்டருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் விட்டால், அறுபது நாளில் 240 கிலோ. ஒரு மீட்டர் ஆழமே உள்ள பங்குனித் தண்ணீரில் அது லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் ஏற்றத்தைத் தரவல்லது. தண்ணீர் மட்டும் என்றால் வரவு குறைந்த ஐந்து மாதத்தில் புதிய நிலைக்கு வந்துவிடும் என்று சூத்திரம் சொல்கிறது. சேற்றின் பழைய கடன் அதைப் பல ஆண்டுகளுக்கு இழுக்கும்.

தூர் வாருவதன் மதிப்பு இங்கேதான். மூன்று கனமீட்டர் பிடிக்கும் ஒரு டிப்பர் கரம்பையில் 2.4 கிலோ பாஸ்பரஸ் போகிறது. ஆயிரம் டிப்பர் போனால் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வரவு. கரம்பை அடித்த வயலில் உரச்செலவும் குறையும். ஆனால் சாக்கடை சேரும் வடமேற்கு மூலைச் சேற்றில் ஈயம், குரோமியம் முதலியவை இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே அதை வயலுக்கு அனுப்ப வேண்டும். சாக்கடையை அப்படியே விட்டுவிட்டு வாரினால், வாரிய ஆயிரம் டிப்பரின் பாஸ்பரஸ் அளவு ஒன்றரை ஆண்டுக்குள் மீண்டும் அடியில் படிந்துவிடும்.

எனவே வரும் ஐப்பசி முதல் இரண்டு இடங்களில் அளக்க வேண்டும்: சாக்கடை வாய்க்காலில் வாரம் ஒருமுறை நீரளவும் பாஸ்பரஸும், மறுகால் பாயும் நாள்களில் கலுங்கில் தினம் ஒரு பாட்டில். அந்த எண்கள் கைக்கு வந்ததும் ஆளுக்கு 1 கிராம், v = 8 என்ற இரண்டு ஊகங்களையும் மாற்றி, மேலே உள்ள கணக்கை மறுபடி போட்டுத் தை மாதக் கூட்டத்தில் வைக்கிறேன்.