பொருள்: ஹைட்ரஜன் பெராக்சைடு 50%, பேட்ச் HP-2417, செறிவு 46.1% மட்டுமே

வணக்கம் சார்,

ஜூன் 11 மாலை நீங்கள் அனுப்பிய பெராக்சைடு, பேட்ச் HP-2417, 50 கிலோ கேன்கள் 80 வந்து சேர்ந்தன. எங்கள் ஆய்வகத்தில் சோதித்ததில் செறிவு சராசரியாக 46.1 சதவீதம்தான் இருக்கிறது. ஆர்டரில் உள்ள அளவு குறைந்தது 50. உங்கள் சான்றிதழில் 50.1 என்று இருக்கிறது. அதனால் இந்த பேட்ச்சை ஏற்க முடியவில்லை. எல்லாக் கேன்களையும் சிவப்பு அட்டை கட்டி, நிழலில் தனியாக வைத்திருக்கிறோம்.

முதல் கேனில் 46.2 வந்ததும் எங்கள் கரைசலைத்தான் சந்தேகப்பட்டேன். பொட்டாசியம் பர்மாங்கனேட்டை சோடியம் ஆக்சலேட் வைத்து மறுபடி நிர்ணயித்தேன்; 0.1002 நார்மல், சரியாகவே இருந்தது. 1.248 கிராம் மாதிரியை 250 மில்லிக்கு நீர்த்து, 25 மில்லி எடுத்து, கந்தக அமிலம் சேர்த்து டைட்ரேட் செய்தேன். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தபோது ப்யூரெட்டில் 33.8 மில்லி. அப்புறம் வேறு நான்கு கேன்களைத் திறந்தோம்: 46.0, 46.3, 45.9, 46.2. உங்களுடைய மே மாத பேட்ச்சில் எடுத்து வைத்திருந்த மாதிரியையும் அதே கரைசலில் பார்த்தேன். அது 50.2 காட்டியது.

வழியில் வெயிலில் சிதைந்திருந்தால் கேனுக்குக் கேன் நன்றாகவே வித்தியாசம் இருந்திருக்கும். இங்கே ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நிரப்பும்போதே குறைவாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. டேங்க்கைக் கழுவிய தண்ணீர் வடியாமல் நின்றதா என்று தயவுசெய்து பாருங்கள்.

டோஸைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளலாமே என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி போனில் சொன்னார். ஏன் குறைந்தது என்று தெரியாமல் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. இரும்பு கலந்திருந்தால் பிளீச்சிங் குளியலில் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து பின்னலாடைத் துணியில் ஊசித் துளை விழும். வெளிர் நிறத்துக்குப் போகும் துணி அது. ஒரு முறை கெட்டால் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. கேனுக்குச் சுமார் 2 கிலோ பெராக்சைடு குறைகிறது என்ற பணக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

இன்னொரு விஷயம், இது அவசரம். 45.9, 46.0 காட்டிய இரண்டு கேன்களின் பக்கங்கள் உப்பியிருந்தன. மூடியில் காற்று போகும் துளை அடைபட்டிருந்தது. மூடிகளை மாற்றிவிட்டோம், ஆட்களையும் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறோம். இதே பேட்ச் வேறு எங்காவது போயிருந்தால் அவர்களுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் உள்ள இருப்பு மாதிரியைத் திரும்பச் சோதித்து, செறிவும் இரும்பின் அளவும் நாளை மாலைக்குள் அனுப்புங்கள். உங்கள் வேதியியலர் இங்கே வந்து என்னோடு சேர்ந்தே டைட்ரேட் செய்தாலும் நல்லது, மாதிரிகளை முத்திரையிட்டு வைத்திருக்கிறேன். மாற்றுச் சரக்கு 40 கேனாவது வெள்ளிக்கிழமை காலைக்குள் வேண்டும். கையிருப்பு அதுவரைதான் வரும். இந்த பில்லைக் கணக்குப் பிரிவில் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து கேன்களின் டைட்ரேஷன் பதிவும் மூடிகளின் படங்களும் இணைப்பில் உள்ளன.

நன்றி,
வேதியியலர், தரக் கட்டுப்பாடு
சாயப் பிரிவு, திருப்பூர்