பணிநீக்கக் கடிதத்துக்கு என் மறுப்பு

மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

மார்ச் 3 தேதியிட்ட பணிநீக்கக் கடிதம் கிடைத்தது. அதிலுள்ள குற்றச்சாட்டை மறுக்கிறேன்.

பிப்ரவரி 17 முதல் 19 வரை சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்கிறீர்கள். காய்ச்சல் என்று 17ஆம் தேதி காலையிலேயே கிடங்கு மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘சரி, ஓய்வெடுங்கள்’ என்று அவர் பதிலும் போட்டார். 20ஆம் தேதி வேலைக்கு வந்ததும் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தேன். நகல்களை இணைத்துள்ளேன். இதற்குமுன் ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட எனக்கு வந்ததில்லை. இப்போதும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை, விசாரணையும் நடக்கவில்லை.

நீக்கத்துக்கான காரணங்களையும், எந்த ஆவணங்களை வைத்து யார் முடிவெடுத்தார்கள் என்பதையும் மார்ச் 14க்குள் எழுத்துமூலம் தெரிவியுங்கள். இறுதிக் கணக்குப் பணத்தைப் பெற்றாலும் அது இந்த முடிவுக்கு என் சம்மதம் ஆகாது. இதைச் சட்டப்படி எதிர்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
சரக்குக் கணக்கர், கிடங்குப் பிரிவு