தாயுமானவருக்கு ஒரு மகளின் விண்ணப்பம்

சிராப்பள்ளிக் குன்றில் மட்டுவார்குழலம்மையுடன் எழுந்தருளியிருக்கும் தாயுமானவனே, உறையூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று இந்த விண்ணப்பத்தைச் செய்கிறேன். மலையேறி வந்து உன் சந்நிதியில் சொல்ல வேண்டியதை இங்கிருந்தே சொல்வதற்குப் பொறுத்துக்கொள். அம்மாவைத் தனியே விட்டு வர இயலவில்லை. அவளை அழைத்துக்கொண்டு அத்தனை படிகள் ஏறவும் இயலாது. நீ மேற்கு நோக்கி இருப்பவன். சாரமா முனிவரின் நந்தவனத்துச் செவ்வந்திப் பூக்கள் களவு போனதைத் தட்டிக்கேளாத சோழன்மீது சினந்து எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பினாய் என்று தலபுராணம் சொல்கிறது. எதற்காகத் திரும்பியிருந்தாலும், உன் முகம் இந்தப் பக்கம் இருப்பது இன்று எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

சுவாமி, அம்மாவுக்கு 78 வயது ஆகிறது. மறதிநோய் அவளை ஆட்கொண்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பிறகு மாத்திரை போட்டதை மறந்தாள். போன ஆடி மாதத்திலிருந்து என்னை மறந்துவிட்டாள். சில நாள் நான் அவளுடைய அக்கா, சில நாள் சங்கிலியைத் திருடிக்கொண்ட வேலைக்காரி, சில நாள் யாரென்றே தெரியாத ஒருத்தி. வேண்டுமென்றே செய்வதில்லை, எதிர்வாதம் செய்யாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். எனக்கும் அது தெரியும். ஆனால் ஒரே கேள்வியை இருபதாவது தடவை கேட்கும்போது, தெரிந்த அந்த உண்மை எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

மாலை நேரம்தான் எங்கள் இருவருக்கும் கடினமான நேரம். வெயில் தாழ்ந்ததும் அம்மா முசிறிக்குக் கிளம்பிவிடுகிறாள். காவிரிக்கு அக்கரையில் அவளுடைய தாய் காத்திருப்பதாகவும், இருட்டுவதற்குள் போகாவிட்டால் பரிசல் போய்விடும் என்றும் சொல்லி வாசற்கதவைப் பிடித்து இழுக்கிறாள். காலையில் வைத்த இட்டிலியில் பாதியைத் தன் தாய்க்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். நான் அதை அவிழ்த்து எறும்புகளைத் தட்டிவிட்டால், பிள்ளையின் சோற்றைப் பறித்தவளைப் பார்ப்பதைப்போல என்னைப் பார்க்கிறாள்.

அம்மாயி 1984-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அதைத் தொடக்கத்தில் நான் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். சொன்ன ஒவ்வொரு முறையும் அது அவளுக்குப் புதிய சாவாக இருந்தது. அப்போதுதான் செய்தி வந்ததுபோல் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், சற்று நேரத்தில் மறந்தாள், மறுநாள் மீண்டும் கேட்டாள். ஒரே சாவுக்கு என் தாயை எத்தனை முறை அழவைத்தேன் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறேன்.

அப்போதுதான் உன் கதை நினைவுக்கு வந்தது. பிரசவ வலியில் இரத்தினாவதி தவித்திருக்க, பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவள் தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட, நீ அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்த்தாய். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் ஒன்றை இப்போதுதான் கவனிக்கிறேன். "நான் உன் அம்மா இல்லை" என்று அவளிடம் நீ சொல்லவில்லை. அந்தப் பெண் அம்மா என்று அழைத்தபோது, அந்த அழைப்புக்குரியவளாகவே நின்று, வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேரும்வரை கூடவே இருந்தாய்.

அதனால் இப்போது நானும், "ஆற்றில் தண்ணீர் ரொம்ப வருதும்மா, பரிசல் விடவில்லை, வடிந்ததும் அம்மாயி வருவாங்க" என்கிறேன். அம்மா சன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் கேட்கிறாள். வெள்ளத்தின் சத்தம் அவளுக்குக் கேட்கிறதோ என்னவோ, தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். பொய் சொல்லும் பாவம் இதில் இருந்தால் அது என்னோடு போகட்டும். உன் கதையிலிருந்து இரவல் வாங்கிய சொல் என்பதால், அதைப் பொய்யாகக் கொள்ளமாட்டாய் என்று நம்புகிறேன்.

இனி நான் ஒளிக்க விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வியாழக்கிழமை அவளைக் குளிப்பாட்டும்போது, தண்ணீர் பட்டதும் யாரோ தன்னைக் கொல்வதாகக் கூச்சலிட்டு என் கையைக் கிள்ளினாள். நான் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்து, சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன். பிடியை விட்டபோது அவளுடைய ஒற்றை வளையல் தோலில் பதிந்து சிவந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவி, மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். எதற்கு என்று கேட்டாள். அவள் மறந்துவிட்டாள்; மறந்துவிட்டவளிடமிருந்து மன்னிப்பு பெறும் வழி எனக்குத் தெரியவில்லை. அந்தத் தழும்பு மறைந்துவிட்டது, என் கையில் அந்தப் பிடி மட்டும் இன்னும் இருக்கிறது. அவள் சார்பில் நீ என்னை மன்னிக்க வேண்டும்.

நாள் முழுவதற்குமான பொறுமையை நான் கேட்கவில்லை. கேட்டாலும் என்னால் அதைச் சுமக்க முடியாது. பொழுது சாயும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தா. குளியலறைக் கதவைச் சாத்தும்போது என் விரல்களில் தா. தொலைபேசியில் நலம் விசாரித்துவிட்டு, நீ ஏன் இவ்வளவு சலித்துக்கொள்கிறாய் என்று கேட்கும் உடன்பிறந்தவர்களுக்குப் பதில் சொல்லும்போது என் நாக்கிலும் கொஞ்சம் தா. நடுச்சாமத்தில் அவள் எழுந்து நடக்கும்போது, எழுந்திருக்கும் என் உடம்புக்கு வலுவையும், அவள் உறங்கும்போது எனக்கும் உறக்கத்தையும் கொடு. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைப் பார்த்துக்கொண்டால், குற்ற உணர்ச்சியில்லாமல் கடைத்தெரு வரை போய்வர எனக்கு மனம் கொடு.

அவளுக்கு நான் கேட்பது அமைதி. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்கும் அந்தப் பயத்தை அவள் கண்களிலிருந்து எடுத்துவிடு. நினைவைத் திருப்பிக் கொடு என்று கேட்கமாட்டேன். அது திரும்பாது என்று தெரிந்துகொண்டேன். எஞ்சியிருப்பதை மட்டும் கடைசிவரை விட்டுவை. ஞானசம்பந்தர் உன் குன்றைப் பாடிய பதிகத்தில் முதல் சொல்லை நான் எடுத்துக் கொடுத்தால், என் பெயர் தெரியாத அம்மா முழுப் பாட்டையும் பிசகாமல் பாடிவிடுகிறாள். பாடி முடித்ததும், நல்லா வளர்த்திருக்காங்க உன்னை என்று என் கன்னத்தைத் தொட்டாள் ஒரு நாள். யார் வளர்த்தது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாட்டை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே சுவாமி.

கேட்கத் தயங்கிய ஒன்று உண்டு. சுகப்பிரசவத்துக்காக உனக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்வது இந்த ஊர் வழக்கம். நான் வயிற்றில் இருந்தபோது அம்மாயியும் நேர்ந்துகொண்டாராம். எங்கள் வீட்டில் இப்போது பிரசவம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு தார் நேர்ந்துகொள்கிறேன். என் தாய் போக வேண்டும் என்று விரும்பி இதைச் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் போகும் நாள் வரும்போது, வலியும் பயமும் இல்லாமல், ஒரு பிள்ளை சுகமாகப் பிறப்பதுபோல அந்தப் பிரிவு நடக்க வேண்டும். அப்போது அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். அம்மாயியின் உருவில் நீயும் வந்து நின்றால், அவள் உன்னைக் கட்டாயம் அடையாளம் கண்டுகொள்வாள்.

மலையில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். கீழே கதவை இழுக்கும் சத்தம் கேட்கிறது. பரிசலுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிடுகிறாள். நான் இறங்கிப் போகிறேன், தாயுமானவனே. நீயும் கூட வா.