செந்தில் போட்டதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்

பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, அத்தை, மாமா எல்லோருக்கும் லதாவின் வணக்கம்.

புயல் வரப்போகிறது என்று நேற்று ராத்திரி செந்தில் நம் குரூப்பில் நாலு வரி போட்டிருந்தான். "வியாழன் மதியத்துக்குள் எல்லோரும் கேப்பர் மலை வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வீட்டிலேயே இருக்கிறேன் என்று அடம் பிடிக்க வேண்டாம். மாத்திரை, ஆதார், பாஸ்புக் எடுத்து வைக்கவும். தேவையில்லாத ஃபார்வர்டு போட வேண்டாம்." அதற்கப்புறம் குரூப்பில் பேச்சே இல்லை. சித்தப்பா தினமும் போடுகிற முருகர் படம்கூட இன்று காலை வரவில்லை. நம்மை வளர்த்தவர்களை வீட்டுக்குக் கூப்பிடுகிற விதம் இது இல்லை என்று செந்திலிடம் சொன்னேன். "பயத்தில் அவசரமாக அடித்துவிட்டேன் அக்கா, நீயே எழுதிப் போடு" என்றான். அவன் சொல்ல வந்தது என்ன, ஏன் என்று பொறுமையாக எழுதுகிறேன். பெரிய மெசேஜ்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பெரியம்மாவுக்கு மட்டும் யாராவது படித்துக் காட்டுங்கள்.

முதலில் பெரியப்பாவுக்கு. நீங்கள் முதுநகரிலேயே இருக்கிறீர்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியதை எங்களுக்கு முன்னாலேயே பார்த்திருப்பீர்கள். புயலைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர ஒன்றும் இல்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலையில் தானே புயல் வந்தபோது எங்கள் எல்லோரையும் நடு அறையில் உட்கார வைத்து, கதவுக்குக் குறுக்கே பீரோவை நகர்த்தி வைத்தது நீங்கள்தான். காற்று அடங்கின மாதிரி இருந்ததும் செந்தில் வாசலுக்கு ஓடினான். "இப்போதுதான் உள்ளே இருக்க வேண்டும்" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். அந்தச் செந்திலுக்குத்தான் இன்றைக்கு உங்களை நினைத்துப் பயம் வந்துவிட்டது. அடம் என்று எழுதியது தப்பான வார்த்தை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப மனசு வராது என்பது எங்களுக்கும் தெரியும்.

அப்படியும் ஏன் கூப்பிடுகிறோம் என்றால், 2024-ல் ஃபெஞ்சல் புயல் நமக்குக் காட்டியது வேறு மாதிரி ஆபத்து. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகும் அது நகராமல் நின்று பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆனால் சித்தப்பா இருக்கிற குண்டு உப்பலவாடியில் தண்ணீர் ஏறியது அந்த மழையால் மட்டும் இல்லை. மேலே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் கொட்டிய மழை சாத்தனூர் அணைக்கு வந்து, டிசம்பர் 2 விடியற்காலையில் 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்தார்கள். அது தென்பெண்ணையில் இறங்கி நம்மிடம் வருவதற்குள் இங்கே மழை குறைந்துவிட்டது. அப்பாடா என்று எல்லோரும் துணி காயப்போட ஆரம்பித்த நேரத்தில்தான் ஆறு ஊருக்குள் வந்தது. கடலும் கொந்தளித்துக்கொண்டிருந்தால் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் சீக்கிரம் வடியாது, பின்னால் தேங்கி நிற்கும். அதனால்தான் இந்தத் தடவை மழை விட்ட பிறகும் இரண்டு நாள் எங்களோடு இருங்கள் என்று கேட்கிறோம். புயல் கடந்ததும் உங்களைக் கொண்டுபோய் விட மறுக்கிறோம் என்று அப்போது நினைத்துவிடாதீர்கள்.

சித்தப்பா, சித்தி, உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. லட்சுமியையும் கன்றையும் யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதுதானே? செந்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, ஆனால் முதலில் ஏற்பாடு செய்தது அதைத்தான். எங்கள் தெருக்கோடியில் பால்காரர் வீட்டுக் கொட்டகையில் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறான். தரை மேடு, மேலே ஷீட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறது, நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புதன்கிழமை காலை பால் கறந்ததும் குட்டியானை வண்டி வரும். கன்றை முன்னால் ஏற்றினால் லட்சுமி தானாக ஏறிவிடும் என்று சித்தி போன தடவை சொன்னது ஞாபகம் இருக்கிறது. வைக்கோல் நாலைந்து கட்டு, தவிட்டு மூட்டை, அவள் பழகின அந்தப் பச்சைத் தொட்டி மூன்றையும் அதே வண்டியில் போட்டுவிடுங்கள். புதுத் தொட்டியில் அவள் வாய் வைக்க மாட்டாள். ராத்திரி நீங்களே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம், நடந்தால் இரண்டு நிமிஷம். ஒருவேளை வண்டி வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டால் கயிற்றை மட்டும் அவிழ்த்து விட்டுவிட்டு நீங்கள் மாடிக்கு ஏறிவிடுங்கள். கட்டிப் போட்ட மாடுதான் தவிக்கும், அவிழ்த்து விட்டால் மேட்டைத் தேடிப் போய்விடும்.

அத்தை, மாமா, உங்களை இங்கே வரச் சொல்லவில்லை. புதுச்சேரி ரெயின்போ நகரிலிருந்து கடலூர் வருவதற்குள் ஆற்றுப் பாலங்களில் தண்ணீர் ஏறிவிட்டால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் அங்கேயே மாடி வீட்டில் இருந்துகொள்வது நல்லது. மாடியில் குடியிருக்கிற ஆசிரியரிடம் நானே பேசினேன். "அம்மா வந்தால் எங்களுக்கும் தைரியம்" என்றார். கீழ் வீட்டு ஃப்ரிட்ஜை நாலு செங்கல் மேல் தூக்கி வைக்க அவர் மகன் புதன்கிழமை சாயங்காலம் வருவான். மாமா தயவுசெய்து அதைத் தூக்கப் போக வேண்டாம், இடுப்பு இப்போதுதான் சரியாகி வருகிறது.

மாத்திரை விஷயம். எல்லோரும் பத்து நாளுக்கு உண்டானதை எடுத்துக்கொண்டால் நிம்மதி. தானே சமயத்தில் கரண்ட் வர எத்தனை நாள் ஆயிற்று என்பது நினைவிருக்கும். பெரியம்மாவின் இன்சுலின்தான் எனக்குக் கவலை. ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டாலும் பயப்பட வேண்டாம். மருந்துக் குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துவிடலாம். ஐஸ் கட்டிமேல் மட்டும் வைக்கக் கூடாது, உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். புதுப் பானை வாங்கி, இரண்டு நாளாகத் தண்ணீர் ஊற்றிப் பழக்கி வைத்திருக்கிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மட்டும் பையில் போட்டு வையுங்கள், வேறு மருந்துக் கடையில் வாங்க நேர்ந்தால் உதவும்.

ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பென்ஷன் புத்தகம் இவற்றைத் தேடி நீங்கள் பரண் ஏற வேண்டாம். எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று போனில் சொன்னால் போதும், வண்டி எடுத்துக்கொண்டு வருகிறபோது நான் எடுத்து ஜிப் கவரில் போட்டுக்கொள்கிறேன். நிலப் பத்திரத்தை பெரியப்பா வழக்கமாக வைக்கிற அரிசி டிரம்மில் இந்தத் தடவை வைக்க வேண்டாம், அந்த டிரம் மிதக்கும்.

சித்தப்பா, உங்கள் முருகர் படத்தைப் பற்றி. அதைத் தேவையில்லாத ஃபார்வர்டு என்று யாரும் நினைக்கவில்லை. ஆறு மணிக்கு அது வந்தால்தான் நீங்கள் எழுந்து, காபி குடித்து, நன்றாக இருக்கிறீர்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்கிறோம். தொடர்ந்து போடுங்கள். செந்தில் சொன்னது வேறு. போன வெள்ளத்தில் அணை உடைந்துவிட்டது என்று யாரோ பேசின ஆடியோ நம் குரூப்புக்கும் வந்து, அத்தை ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அந்த மாதிரி ஏதாவது வந்தால் குரூப்பில் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள், கலெக்டர் அலுவலக அறிவிப்பைப் பார்த்துவிட்டு உண்மையா இல்லையா என்று சொல்கிறேன். கரண்ட் போன பிறகு எல்லோரும் சார்ஜை மிச்சம் பிடிக்க வேண்டும். அப்போது வீடியோ மட்டும் வேண்டாம். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை "நல்லா இருக்கோம்" என்று குரலில் சொல்லிப் போட்டால் போதும், எங்களுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

இங்கே வந்தால் எங்களுக்குச் சிரமம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். கீழ் அறை பெரியப்பா பெரியம்மாவுக்கு. கட்டில், உட்காரும் கழிவறை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எல்லாம் இருக்கிறது. சித்தப்பா சித்திக்கு ஹால் பக்கத்து அறை. பத்துப் பேருக்கு எனக்குத் தனியாகச் சமைக்கத் தெரியாது. பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து புளி அளவு சொன்னால் போதும், நான் வத்தக்குழம்பு வைத்துவிடுவேன். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டால் அவர்களைக் கட்டி மேய்க்க பெரியப்பாவின் தானே கதையைத் தவிர என்னிடம் வேறு வழி இல்லை. கார்த்திகை தீபத்துக்கு அவரவர் வீட்டு வாசலில் விளக்கேற்ற வேண்டும் என்று பெரியம்மா நினைப்பார்கள். அதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டால் நானே கொண்டுபோய் விட்டு, வாசல் கழுவிக் கோலமும் போட்டுத் தருகிறேன். வடியவில்லை என்றால் உங்கள் வீட்டு அகல் விளக்குகளை எடுத்து வந்து இங்கே ஏற்றுவோம்.

புதன் காலை மாட்டை ஏற்றிவரக் குட்டியானை வண்டி குண்டு உப்பலவாடிக்கு வரும். வியாழன் காலை பத்து மணிக்கு செந்தில் காரோடு முதுநகருக்கு வருவான். பெரியம்மாவுக்கு முட்டி மடக்க முடியாது என்பதால் முன் சீட்டைப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து சித்தப்பா வீட்டுக்குப் போய், சாப்பாட்டு நேரத்துக்குள் எல்லோரும் இங்கே வந்துவிடலாம். பத்து மணி ஒத்துவராது, பூஜை முடியாது என்றால் எந்த நேரம் என்று நீங்கள் சொல்லுங்கள், அதற்கு ஏற்ற மாதிரி அவன் கிளம்புவான். மழை வலுக்கும் முன் வந்துவிட்டால் நல்லது, அதுமட்டும்தான்.

போனில் சேமித்து வைக்க: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, மின்கம்பி அறுந்து விழுந்தால் மின்னகம் 94987 94987. அத்தைக்குப் புதுச்சேரியில் அவசரம் என்றால் 112. எண் சேமிக்கத் தெரியவில்லை என்றால் இந்த மெசேஜைப் பார்த்து ஒரு தாளில் எழுதி காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

பெரியப்பா, இதைப் படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லுங்கள். வீட்டைக் காவல் பார்க்க யாரை வைப்பது, சாவியை யாரிடம் கொடுப்பது என்பதும் உங்கள் முடிவுதான். டைப் பண்ண வேண்டாம், போன் பண்ணினால் நான் எடுக்கிறேன். ராத்திரி பத்து மணி வரை விழித்திருப்பேன்.

அன்புடன்
லதா