வகுத்தல் பயிற்சித்தாள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு குறிப்பு

கயல்விழியின் பெற்றோருக்கு வணக்கம்.

ஞாயிறு இரவு வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய பயிற்சித்தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு வகுத்தல் கணக்குகளில் 1, 2, 4 ஆகியவை சரி. 6ஆம் கணக்கும் சரிதான். ஆனால் அந்தக் கையெழுத்து கயல்விழியுடையதாகத் தோன்றாததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 3, 5, 7 மூன்றிலும் தவறு இருக்கிறது. மூன்று வெவ்வேறு தவறுகள் என்று எண்ணி நீங்கள் கவலைப்பட வேண்டாம், மூன்றும் ஒரே தவறுதான்.

மூன்றாம் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 4218ஐ 6ஆல் வகுக்க வேண்டும். 4இல் 6 அடங்காது, ஆகவே 42ஐ எடுத்துக்கொள்கிறோம். ஏழாறு நாற்பத்திரண்டு என்பதால் ஈவில் 7 எழுதுகிறோம். அந்த 7 வகுபடும் எண்ணில் உள்ள 2க்கு நேர் மேலே, அதாவது நூறுகளின் இடத்தில் வரும். மீதி எதுவும் இல்லாததால் அடுத்து 1ஐ இறக்குகிறோம். 1இல் 6 அடங்காது, ஆகவே பத்துகளின் இடத்தில் 0 எழுதிய பிறகே 8ஐ இறக்க வேண்டும். 18இல் 6 மூன்று முறை அடங்குவதால் ஈவு 703. கயல்விழி 1 போதவில்லை என்றதும் 8ஐயும் உடனே இறக்கி, 18ஐ வகுத்துக் கிடைத்த 3ஐ 7க்குப் பக்கத்தில் எழுதியதால் அவளுடைய விடை 73 ஆகிவிட்டது. இதே காரணத்தால்தான் 8160 ÷ 8க்கு 1020 வர வேண்டிய இடத்தில் 120ம், 1236 மாம்பழங்களைப் பெட்டிக்கு 12 வீதம் அடுக்கும் ஏழாம் கணக்கில் 103 பெட்டிகளுக்குப் பதிலாக 13 பெட்டிகளும் வந்துள்ளன.

படத்தில் 7க்கும் 3க்கும் இடையே ரப்பரால் அழித்த தடம் ஒன்று தெரிகிறது. உற்றுப் பார்த்தால் அங்கே முதலில் 0 எழுதப்பட்டிருந்தது புரியும். திங்களன்று ஏன் அழித்தாய் என்று கேட்டேன். "முதல்ல 4ல 6 போகலைன்னா பூஜ்ஜியம் போட மாட்டோமே மிஸ், அதான் அழிச்சேன்" என்றாள். இது கவனக்குறைவு அன்று. தொடக்கத்தில் எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்பதால் அதை எழுதாமல் விடுகிறோம், நடுவில் வரும் பூஜ்ஜியமோ 7ஐ நூறுகளின் இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. இந்த வேறுபாட்டை நான் வகுப்பில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வாய்ப்பாட்டில் அவளுக்குச் சிக்கலே இல்லை, ஆகவே அதை மறுபடி மனப்பாடம் செய்யச் சொல்லி அவளைச் சோர்வடையச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பத்து நாள்களுக்கு, நாளொன்றுக்கு மூன்று கணக்குகள் போதும். கட்டம் போட்ட நோட்டில், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதட்டும். வகுக்கத் தொடங்கும் முன்பே ஈவில் எத்தனை இலக்கங்கள் வரும் என்று பார்த்து அத்தனை புள்ளிகளை மேலே வைத்துக்கொண்டால், ஒரு புள்ளி காலியாக நிற்கும்போதே ஏதோ விட்டுப்போயிற்று என்பதை அவளே கண்டுகொள்வாள். முதல் நாளுக்கு 3624 ÷ 6, 5035 ÷ 5, 7280 ÷ 7 ஆகியவற்றைக் கொடுங்கள். விடைகள் முறையே 604, 1007, 1040. தவறு என்று நீங்கள் சொல்வதைவிட, கிடைத்த ஈவை வகுத்த எண்ணால் பெருக்கிப் பார்க்கச் சொல்வது நல்லது, ஏனெனில் 73ஐ 6ஆல் பெருக்கினால் 438தான் வருகிறது, 4218 எங்கே போயிற்று என்ற கேள்வி அவளுக்குள்ளேயே எழும். நோட்டில் சலிப்புத் தட்டினால், 618 ரூபாயை ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். தலைக்கு 13 ரூபாய் என்று அவள் கொடுத்தால் கையில் மிஞ்சும் 540 ரூபாயே மற்றதைச் சொல்லிவிடும்.

எட்டாம் கணக்கு வேறு வகை. 130 மாணவர்கள், ஒரு பேருந்தில் 40 இருக்கைகள், எத்தனை பேருந்துகள் தேவை என்பது கேள்வி. ஈவு 3, மீதி 10 என்று அவள் வகுத்தது சரியே. மீதியுள்ள பத்துப் பேரும் போக வேண்டும் என்பதால் விடை 4 பேருந்துகள். இதை வகுப்பில் நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள்: இந்தப் பத்து நாள்களும் அவளுக்கு ரப்பர் கொடுக்காதீர்கள். தவறானதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும், அவள் எந்த இடத்தில் தயங்குகிறாள் என்பது அதில்தான் எனக்குத் தெரியும். படம் எடுத்து அனுப்பத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நோட்டைப் பையில் வைத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
வகுப்பாசிரியை,
ஐந்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு